‘நாம்’ என்றால் யார்? தனியுரிமை அறிவிப்பை வரிவரியாகச் சோதிப்பது எப்படி

மாணவர்களே, இணையத்தில் ஏதாவது ஒரு வகுப்புக்கோ விளையாட்டுக்கோ பதிவு செய்யும்போது கடைசியில் ஒரு சிறிய பெட்டி வரும். ‘விதிமுறைகளையும் தனியுரிமை அறிவிப்பையும் படித்தேன், ஏற்றுக்கொள்கிறேன்’ என்று பக்கத்தில் எழுதியிருக்கும். நீங்கள் அதில் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். நானும் பல முறை அப்படித்தான் செய்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறைக்கு முன் ஒரு தாயார் என்னைப் பார்க்க வந்தார். தஞ்சோங் காராங்கிலிருந்து சற்று உள்ளே, செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்பவர். மகன் படிவம் 3. “டீச்சர், நான் யாருக்குமே நம்பர் கொடுக்கல. ஒரு நாளைக்கு நாலு மெசேஜ் வருது. காப்புறுதி எடுங்கன்னு ஒருத்தர், புத்தகம் வாங்குங்கன்னு ஒருத்தர். இவங்களுக்கெல்லாம் என் நம்பர் எப்படித் தெரியும்?” என்று கேட்டார். மகனிடம் விசாரித்தோம். இணையவழி டியூஷன் ஒன்றுக்கு அவன் தன் கைப்பேசியில் பதிவு செய்தபோது அம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தான். பெட்டியில் தட்டியவனும் அவன்தான்.

அந்த இணையத்தளத்தில் தமிழிலேயே ஒரு தனியுரிமை அறிவிப்பு இருந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் மூன்று பேரும் உட்கார்ந்து இரண்டு முறை படித்தும், அந்தத் தாயாரின் எண்ணை யார் யாருக்குக் கொடுக்கலாம் என்பது எங்களுக்கு விளங்கவில்லை. கடினமான சொல் ஒன்றும் அதில் இல்லை. ஒரு வரியில் ‘நாம்’, அடுத்த வரியில் ‘நிறுவனம்’, அதற்கடுத்து ‘பயனர்’, பிறகு ‘நீங்கள்’ என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வினைச்சொற்களோ இறந்தகாலத்துக்கும் எதிர்காலத்துக்கும் தாவின.

தமிழ் வகுப்பில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடங்களைப் படித்திருப்பீர்கள். தனியுரிமை அறிவிப்பில் வரும் ஆட்களும் மூன்று வகைதான். தகவலைக் கேட்டு வாங்கும் நிறுவனம் பேசுகிறது, அது தன்மை. படிக்கும் நீங்கள் முன்னிலை. உங்கள் தகவல் போய்ச்சேரக்கூடிய வேறு நிறுவனங்கள் படர்க்கை. சட்ட மொழியில் அவர்களை ‘மூன்றாம் தரப்பினர்’ என்பார்கள். இந்த மூவரும் தொடக்கம் முதல் இறுதிவரை தத்தம் இடத்தில் நிற்கிறார்களா என்று பார்ப்பதுதான் நாம் செய்யப்போகும் சோதனை. கையில் ஒரு பென்சிலும் மூன்று நிற மைக்கோல்களும் போதும்.

முதலில் ‘நாம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் இரண்டு உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. அவரை வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. மலாய்மொழியிலும் இதே பிரிவு இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் ‘கித்தா’, சேர்க்காவிட்டால் ‘காமி’. மலாய்மொழி அறிவிப்புகளில் நிறுவனம் தன்னைக் ‘காமி’ என்றுதான் சொல்லிக்கொள்ளும். ‘கித்தா’ என்று எழுதினால் மலாய் படிக்கும் எவருக்கும் உடனே உறுத்தும். தமிழில் மட்டும் நாம் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஆங்கில மூலத்தைப் பார்த்து மொழிபெயர்ப்பவர் சில வரிகளில் ‘நாம்’ என்றும் சில வரிகளில் ‘நாங்கள்’ என்றும் கை போன போக்கில் எழுதிவிடுகிறார்.

அதனால் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். இந்த வரியைப் பாருங்கள்: ‘உங்கள் தகவலை நாம் பாதுகாப்போம்.’ இது ஒரு வாக்குறுதியா, அல்லது ‘வாருங்கள், எல்லாரும் சேர்ந்து பாதுகாப்போம்’ என்ற அழைப்பா? ‘காட்டைக் காப்போம்’, ‘நீரைச் சேமிப்போம்’ என்ற சுவரொட்டிகளில் வருவதும் இதே வினைமுற்றுதான். ‘நாங்கள் பாதுகாப்போம்’ என்று எழுதினால் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் தெளிவாக உட்கார்ந்துகொள்ளும். ‘நாம்’ என்று எழுதினால் அதில் பாதி உங்கள் தோளுக்கு நழுவிவிடுகிறது. எழுதியவர் அப்படி நினைத்திருக்கமாட்டார். ஆனால் படிப்பவருக்கு எழுதியவரின் மனம் தெரியாது, எழுத்து மட்டுமே தெரியும்.

இனி முன்னிலைக்கு வருவோம். நம் நாட்டு அறிவிப்புகளில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதற்கு நம்முடைய சட்டத்தையே கொஞ்சம் பார்க்க வேண்டும். மலேசியாவின் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. வணிக நடவடிக்கைகளுக்காக ஒருவருடைய தகவலைக் கையாளும் நிறுவனம் அவருக்கு எழுத்துமூலம் அறிவிப்புத் தர வேண்டும் என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் தருவது கட்டாயம் இல்லை, அது நிறுவனம் தானாகச் செய்வது.

அந்தச் சட்டம் தகவலைக் கையாளும் நிறுவனத்துக்கு வைத்த பெயர் மலாயில் ‘பெங்குனா டாத்தா’. அப்படியே தமிழாக்கினால் ‘தரவுப் பயனர்’. இங்கேதான் குழப்பம் பிறக்கிறது. இணையத்தள விதிமுறைகளில் ‘பயனர்’ என்றால் தளத்தைப் பயன்படுத்தும் நீங்கள். தனியுரிமை அறிவிப்பில் ‘தரவுப் பயனர்’ என்றால் உங்கள் தரவைப் பயன்படுத்தும் நிறுவனம். ஒரே தளத்தில், பக்கத்துப் பக்கத்து இணைப்புகளில், ஒரே சொல் எதிரெதிர் ஆட்களைக் குறிக்கிறது. ‘தரவுப் பயனர் இத்தகவலைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும்’ என்ற வரியைப் படிக்கும் படிவம் 3 மாணவன், தன் கடவுச்சொல்லை ஒளித்து வைக்கச் சொல்கிறார்கள் என்றுதான் எண்ணுவான். உண்மையில் அது நிறுவனத்தின் கடமை.

2024இல் வந்த திருத்தச் சட்டம் இந்தப் பெயரை மாற்றியது. 2025 ஏப்ரல் 1 முதல் ‘பெங்குனா டாத்தா’ என்ற இடத்தில் ‘பெங்காவால் டாத்தா’, அதாவது ‘தரவுக் கட்டுப்பாட்டாளர்’. மற்ற பல நாடுகளின் சட்டங்களும் இதே பொருள் தரும் சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே ஓர் அறிவிப்பில் இன்னும் ‘தரவுப் பயனர்’ என்று இருந்தால், அது 2025க்குப் பிறகு யாரும் திருத்தாத பழைய அறிவிப்பாக இருக்கக்கூடும். தேதியைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் பக்கத்தின் அடியிலோ தலைப்புக்குக் கீழோ சிறிய எழுத்தில் இருக்கும்.

முன்னிலையில் இன்னொரு கேள்வியும் உண்டு. ‘நீங்கள்’ என்பது மாணவரா, பெற்றோரா? நம் நாட்டில் 18 வயது நிரம்பாதவரின் தகவலைக் கையாளும்போது பெற்றோர் அல்லது பாதுகாவலர்தான் சம்மதம் தர வேண்டும். இது 2013இல் வந்த ஒழுங்குவிதிகளில் இருக்கிறது. ஆனால் பல அறிவிப்புகளில் ‘உங்கள் பெயர், உங்கள் பள்ளி, உங்கள் கட்டணம்’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே ‘உங்கள்’. பள்ளிக்குப் போவது மகன், கட்டணம் கட்டுவது அம்மா. அப்படியானால் அந்தப் பெட்டியில் தட்ட வேண்டிய ‘நீங்கள்’ யார்? அந்தத் தாயாரின் கதையில் சிக்கல் தொடங்கிய இடம் இதுதான்.

(ஒரு சின்னச் செய்தி. இந்தியா 2023இல் இயற்றிய மின்னிலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் எவரையும் ஆங்கிலத்தில் பெண்பாற் சுட்டுப்பெயரால் குறிக்கிறது. ஆணானாலும் பெண்ணானாலும் அந்தச் சொல் பொருந்தும் என்று வரையறைப் பகுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு ‘அவர்’ என்ற சொல் இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை!)

அடுத்தது காலம். இதில்தான் தமிழ் கொஞ்சம் வழுக்கும். ‘நிறுவனம் உங்கள் தகவலைப் பகிரும்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் அஃறிணை. அதனால் வினை ‘பகிரும்’ என்று முடிகிறது. ‘சூரியன் கிழக்கில் உதிக்கும்’ என்பதில் வரும் ‘உதிக்கும்’ எப்போதும் நடப்பதைச் சொல்கிறது. ‘நாளை மழை பெய்யும்’ என்பதில் வரும் ‘பெய்யும்’ இனி நடக்கப்போவதைச் சொல்கிறது. இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. அப்படியானால் ‘நிறுவனம் பகிரும்’ என்பது இப்போதே நடந்துகொண்டிருக்கும் வழக்கமா, இனிமேல் செய்யப்போவதா? வரியை வைத்துச் சொல்ல முடியாது. ‘நாங்கள் பகிர்கிறோம்’ என்றால் இப்போது நடப்பது. ‘நாங்கள் பகிர்வோம்’ என்றால் பெரும்பாலும் இனி நடப்பது. பார்த்தீர்களா, ‘நிறுவனம்’ என்ற சொல்லை ‘நாங்கள்’ என்று மாற்றினாலே காலமும் பாதி தெளிந்துவிடுகிறது.

சட்டத்தின் 7ஆம் பிரிவே இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. தகவல் எந்த நோக்கத்துக்காக இப்போது சேகரிக்கப்படுகிறது அல்லது இனிச் சேகரிக்கப்படும் என்பதைச் சொல்ல வேண்டும் என்கிறது. எந்த வகையான மூன்றாம் தரப்பினருக்கு அதை இப்போது தருகிறார்கள் அல்லது தரக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும் என்கிறது. இப்போது ஒன்று, இனி ஒன்று என இரண்டு பெட்டிகள். அறிவிப்பின் ஒவ்வொரு வினையும் எந்தப் பெட்டியில் விழுகிறது என்று நமக்குத் தெரிய வேண்டும்.

இறந்தகாலம் வந்தால் உடனே நின்று பாருங்கள். அறிவிப்பு என்பது தகவலை வாங்கும் நேரத்தில் காட்ட வேண்டியது. நீங்கள் இன்னும் ஒன்றுமே கொடுக்காத நிலையில் ‘உங்கள் தகவல் பயன்படுத்தப்பட்டது’ என்று எப்படிச் சொல்ல முடியும்? பெரும்பாலும் அது மொழிபெயர்ப்புப் பிழையாக இருக்கும். ‘நீங்கள் இவ்விதிகளைப் படித்துப் புரிந்துகொண்டீர்கள்’ என்பது வேறு வகை. நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாக உங்கள் வாயில் வைக்கிறது.

‘லாம்’ என்ற முடிவைத் தனியாகப் பார்க்க வேண்டும். ‘நீங்கள் உங்கள் தகவலைத் திருத்தலாம்’ என்றால் அது உங்களுக்குள்ள உரிமை. ‘நாங்கள் உங்கள் தகவலைப் பகிரலாம்’ என்றால் நிறுவனம் தனக்கே கொடுத்துக்கொள்ளும் சுதந்திரம். செய்தாலும் செய்யும், செய்யாவிட்டாலும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் 2018இல் இறுதி செய்த வழிகாட்டியில், இப்படி ‘செய்யக்கூடும்’ என்று மழுப்பும் சொற்களைத் தவிர்க்கும்படியும், செயப்பாட்டுவினையைவிடச் செய்வினையில் எழுதும்படியும் கேட்டுக்கொண்டார்கள். காரணம் எளிது. ‘பகிரப்படலாம்’ என்ற ஒரே சொல்லில், யார் பகிர்கிறார், எப்போது, உண்மையிலேயே பகிர்கிறாரா என்ற மூன்றும் மறைந்துவிடுகின்றன.

இப்போது ஒரு மாதிரியைச் சோதிப்போம். இது நானே எழுதியது. எந்த நிறுவனத்தின் அறிவிப்பும் அல்ல, நான் பார்த்த பிழைகளைத் திரட்டி ஒரு டியூஷன் தளத்துக்கு எழுதியதுபோல் வைத்திருக்கிறேன்.

‘நாம் பயனர்களின் பெயர், வயது, கைப்பேசி எண் ஆகியவற்றைச் சேகரிக்கிறோம். உங்கள் தகவல்கள் வகுப்புப் பதிவுக்காகப் பயன்படுத்தப்பட்டன. நிறுவனம் அவற்றைப் பாதுகாக்கும். தேவைப்பட்டால் பங்காளிகளுடன் பகிரப்படலாம். வாடிக்கையாளர் விரும்பினால் நாங்கள் அவரது தகவலைத் திருத்துவோம். நான் மேற்கண்டவற்றுக்குச் சம்மதிக்கிறேன்.’

ஆறே வரிகள். நிறுவனத்தைக் குறிக்கும் சொற்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள்: நாம், நிறுவனம், நாங்கள். மூன்று பெயர்கள். உங்களைக் குறிப்பவற்றை நீலத்தில்: பயனர், உங்கள், வாடிக்கையாளர், அவரது, நான். ஐந்து. பச்சைக்கு ஒரே ஒரு சொல்தான், ‘பங்காளிகள்’. அவர்கள் புத்தகக் கடையா, காப்புறுதி முகவரா என்பது தெரியவில்லை. இனி வினைகளின் கீழ்க் கோடு போடுங்கள். ‘சேகரிக்கிறோம்’ நிகழ்காலம். ‘பயன்படுத்தப்பட்டன’ இறந்தகாலம், ஆளும் இல்லை. ‘பாதுகாக்கும்’ வழக்கமா எதிர்காலமா தெரியாது. ‘பகிரப்படலாம்’ காலமும் இல்லை, ஆளும் இல்லை. ‘திருத்துவோம்’ எதிர்காலம். ‘சம்மதிக்கிறேன்’ நிகழ்காலம், ஆனால் சொல்வது மகனா அம்மாவா?

கவனியுங்கள், ஆள் இல்லாமல் போன இரண்டு வரிகளும் எவை? உங்கள் தகவலை என்ன செய்கிறார்கள், யாருக்குத் தருகிறார்கள் என்ற வரிகள். நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் அவைதான். நான் பார்த்த அறிவிப்புகளில் ‘சேகரிக்கிறோம்’ என்று துணிந்து சொல்லும் நிறுவனம், ‘பகிர்’ என்ற வினை வரும்போது செயப்பாட்டுவினைக்குள் ஒளிந்துகொள்வதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

திருத்துவதற்கு முதல் வேலை, ஆட்களுக்குப் பெயர் வைப்பது. வேதியியல் கணக்கில் முதலிலேயே குறியீடுகளை வரையறுப்பதுபோல. அதன்பின் அதே பெயர் கடைசிவரை மாறக்கூடாது.

‘இந்த அறிவிப்பில் “நாங்கள்” என்பது இத்தளத்தை நடத்தும் டியூஷன் மையம். “நீங்கள்” என்பது பதிவு செய்யும் தாய், தந்தை அல்லது பாதுகாவலர். “மாணவர்” என்பது வகுப்பில் சேரும் உங்கள் பிள்ளை. நாங்கள் மாணவரின் பெயரையும் வயதையும் உங்கள் கைப்பேசி எண்ணையும் சேகரிக்கிறோம். அவற்றை வகுப்புப் பதிவுக்குப் பயன்படுத்துகிறோம். அவற்றை நாங்கள் பாதுகாப்பாக வைத்திருப்போம். நீங்கள் தனியாகச் சம்மதம் தந்தால் மட்டும் உங்கள் எண்ணைப் பாடநூல் விற்பனையாளர்களுக்குத் தருவோம். தகவலைத் திருத்த வேண்டுமானால் நீங்கள் எங்களுக்கு எழுதலாம், நாங்கள் திருத்துவோம்.’

வரிகள் கூடின, ஆனால் ஒவ்வொரு வினைக்கும் ஓர் ஆள் இருக்கிறார். கடைசியிலுள்ள பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் ‘நான்’ வரலாம், ஏனென்றால் அங்கே பேசுவது நீங்கள். அதையும் ‘மாணவரின் பெற்றோராகிய நான் சம்மதிக்கிறேன்’ என்று எழுதிவிட்டால் மகன் தட்டுவதற்கு முன் ஒரு கணமாவது யோசிப்பான்.

நீளமான அறிவிப்பாக இருந்தால் கண்ணால் தேடுவது சிரமம். கணினியில் Ctrl+F அழுத்தித் தேடலாம். ஆனால் ‘நாங்கள்’ என்று மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு ‘சேகரிக்கிறோம்’ என்று மட்டும் எழுதுவது இயல்பு. ஆள் வினையின் வாலில் இருக்கிறார். ஆகவே ‘றோம்’, ‘வோம்’, ‘ப்போம்’ என்ற வால்களையும் தேடுங்கள், நிறுவனம் அகப்படும். ‘ப்பட’, ‘ப்படு’, ‘ப்பட்ட’ என்று தேடினால் ஆளில்லாத வரிகள் கிடைக்கும். ‘லாம்’ என்று தேடினால் உரிமைகளும் மழுப்பல்களும் ஒன்றாக வரும், நீங்கள்தான் பிரிக்க வேண்டும். ‘எல்லாம்’ என்ற சொல்லும் சேர்ந்து வந்து நிற்கும். அதை விட்டுவிடுங்கள்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. அறிவிப்பு தெளிவாக இருக்கிறதா என்பதைத்தான் இது காட்டும், நிறுவனம் சொன்னபடி நடக்கிறதா என்பதைக் காட்டாது. மேலும் ‘மொழிபெயர்ப்பில் வேறுபாடு இருந்தால் ஆங்கிலப் பதிப்பே செல்லும்’ என்பதுபோல் ஒரு வரி கடைசியில் இருக்கக்கூடும். அப்படி இருந்தால் தமிழில் குழம்பிய வரியை மலாயிலோ ஆங்கிலத்திலோ தேடிப் படித்துப் பாருங்கள். மலாயில் ‘காமி’ எங்கே வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் முடிச்சு அவிழும்.

நாங்களும் அன்று அதைத்தான் செய்தோம். தமிழில் ‘பகிரப்படலாம்’ என்று இருந்த வரி, மலாயில் ‘காமி’ என்று தெளிவாகத் தொடங்கியது. பகிர்ந்தது டியூஷன் மையமே. சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, நேரடி விற்பனை விளம்பரத்துக்காகத் தன் தகவலைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி எவரும் எழுத்துமூலம் கேட்கலாம். மகன் மலாயில் கடிதம் எழுதினான், தாயார் கையெழுத்திட்டார். ‘நீங்கள் என் எண்ணை யார் யாருக்குத் தந்தீர்கள்?’ என்றும் ஒரு வரி சேர்த்தோம். மையத்திலிருந்து வந்த செய்திகள் இரண்டு வாரத்தில் நின்றன. புத்தகக்காரர் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு கடிதம் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.